சர்வர் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? ஒரு பனியன் கம்பெனியின் கணக்கு

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்டர், துணி இருப்பு, வெட்டு, தையல், பேக்கிங், சம்பளம் எல்லாம் ஒரே மென்பொருளில் ஓடுகிறது. நாற்பது பேர் அதைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். பழைய சர்வர் தள்ளாடுகிறது. முதலாளியின் மேசையில் இரண்டு கொட்டேஷன்கள் இருக்கின்றன. ஒன்று, புது சர்வர் வாங்க 7 லட்சம் ரூபாய் கேட்கிறது. இன்னொன்று, எதையும் வாங்க வேண்டாம், மாதம் இருபத்து நாலாயிரம் கட்டினால் போதும், இயந்திரம் கிளவுட்டில் ஓடும் என்கிறது.

இந்த நிறுவனம் கற்பனை. தொகைகளும் புரிதலுக்காக முழு எண்களாக்கப்பட்டவை. ஆனால் கேள்வி கற்பனை அல்ல. சின்ன நிறுவனங்கள் பலவற்றில் இது ஒரே வரியில் முடிவாகிறது: "அஞ்சு வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்க, எது கம்மியோ அதை எடுத்துக்கலாம்." கூட்டிப் பார்ப்பது நல்ல தொடக்கம்தான். அங்கேயே நின்றுவிட்டால், இந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை, தவறான பக்கம் போய்ச் சேருவோம். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் செலவை முழுமையாக எழுதுவோம்

சொந்த சர்வர் என்றால் பெட்டி மட்டும் அல்ல. அந்த 7 லட்சத்தில் சர்வர், யுபிஎஸ்ஸும் பேட்டரியும், ரேக், ஃபயர்வால், பேக்கப் எடுக்க ஒரு தனிச் சேமிப்புக் கருவி, நிறுவும் கூலி எல்லாம் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று ஆண்டு வாரண்டியும் அதற்குள்ளேயே வருகிறது.

அதன் பிறகு ஆண்டுதோறும் வரும் செலவுகள் உண்டு. முதலாவது மின்சாரம். சர்வர் சராசரியாக 300 வாட் இழுத்தாலும், யுபிஎஸ்ஸில் ஆகும் இழப்பையும் அறையைக் குளிர வைக்கும் ஏசியையும் சேர்த்தால் 550 வாட் ஆகிவிடும். ஆண்டில் 8,760 மணி நேரம். ஏறக்குறைய 4,800 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றால் 48,000 ரூபாய். இரண்டாவது ஆள். பகுதி நேரமாக வந்து கவனிக்கும் சிஸ்டம் அட்மினுக்கு மாதம் 10,000, ஆண்டுக்கு 1,20,000. மூன்றாவது, கட்டடத்துக்கு வெளியே வைக்கும் பேக்கப். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. சர்வரும் அதன் பேக்கப்பும் ஒரே அறையில் இருந்தால், இரண்டும் ஒரே தண்ணீரில்தான் மூழ்கும். வெளியிடச் சேமிப்புக்கு ஆண்டுக்கு 24,000. ஆக, ஓட்டுச் செலவு ஆண்டுக்கு 1,92,000.

மூன்றாம் ஆண்டில் யுபிஎஸ் பேட்டரி மாற்ற 40,000 ஆகும். நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் வாரண்டி இல்லை. ஏஎம்சிக்கு ஆண்டுக்கு 50,000. ஐந்தாம் ஆண்டு முடிவில் பழைய சர்வரை விற்றால் 50,000 திரும்பி வரும். எல்லாம் சேர்த்தால் ஐந்து ஆண்டுச் செலவு 17.5 லட்சம்.

இனி கிளவுட். தேவையான இயந்திரத்துக்கு, எந்த ஒப்பந்தமும் இல்லாமல் அன்றன்றைய விலையில், மாதம் 20,000. தரவு வைக்கும் டிஸ்க் 6,000, பேக்கப் 3,000, வெளியே போகும் தரவுக்கு 3,000. ஆக 32,000. பெரிய கிளவுட் நிறுவனங்கள், ஓராண்டு அல்லது மூன்றாண்டு தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன் என்று உறுதி கொடுத்தால் இயந்திர வாடகையைக் குறைக்கின்றன. பணத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்பதில்லை, மாதாமாதமே கட்டலாம். மூன்றாண்டு உறுதிக்கு 40 சதவீதம் குறைகிறது என்று வைத்தால் இயந்திரம் 12,000 ஆகி, மொத்த பில் 24,000 ஆகும். முதலாளியின் மேசையில் இருக்கும் கொட்டேஷன் இதுதான். கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு ஓராண்டு ஒப்பந்தங்களாக எடுத்தால் குறைவு 25 சதவீதம்தான், பில் 27,000.

கிளவுட்டுக்குப் போனால் ஆளே வேண்டாம் என்பது விற்பனைக்காரர் பேச்சு. பயனர் அனுமதி, பேக்கப் சரிபார்ப்பு, மென்பொருள் அப்டேட் எல்லாவற்றுக்கும் ஒருவர் வேண்டும். வேலை பாதியாகக் குறையும் என்று கொண்டு மாதம் 5,000 சேர்ப்போம். இப்போது முதல் மூன்று ஆண்டுக்கு ஆண்டுக்கு 3,48,000; அடுத்த இரண்டு ஆண்டுக்கு 3,84,000. ஐந்தாண்டு மொத்தம் 18.12 லட்சம்.

இணைய இணைப்பு இரண்டுக்கும் வேண்டும் என்பதால் சேர்க்கவில்லை. இரண்டிலும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பதிவுபெற்ற நிறுவனத்துக்கு உள்ளீட்டு வரியாகத் திரும்புகிறது என்பதால் அதையும் விட்டுவிட்டோம்.

வெறும் கூட்டல் சொல்வது இது: சொந்த சர்வர் 17.5 லட்சம், கிளவுட் 18.12 லட்சம். 62,000 ரூபாய் மிச்சம், சர்வரை வாங்கு.

இன்றைய ரூபாயும் நாளைய ரூபாயும்

அந்தக் கூட்டலில் ஒரு குறை இருக்கிறது. சர்வருக்கான 7 லட்சம் இன்றே கையை விட்டுப் போகிறது. கிளவுட்டின் ஐந்தாம் ஆண்டுப் பில் ஐந்தாம் ஆண்டில்தான் போகிறது. அதுவரை அந்தப் பணம் நம்மிடம் இருக்கும். நூல் வாங்கலாம், ஓவர் டிராஃப்டைக் குறைக்கலாம். இந்த நிறுவனம் வங்கிக்கு 12 சதவீத வட்டி கட்டுகிறது என்றால், ஓராண்டு கழித்துக் கட்ட வேண்டிய 1,12,000 ரூபாயும் இன்று கட்ட வேண்டிய 1,00,000 ரூபாயும் அதற்கு ஒன்றுதான். எதிர்காலத்தில் கட்டப்போகும் ஒவ்வொரு தொகையையும் இப்படி இன்றைய ரூபாய்க்குக் கொண்டுவருவதே இன்றைய மதிப்புக் கணக்கு. சூத்திரம் சுருக்கமானது:

```
PV = C / (1 + r)^n
```

இதில் C கட்ட வேண்டிய தொகை, r வட்டி விகிதம், n எத்தனை ஆண்டு கழித்து என்பது. 12 சதவீதத்தில், ஓராண்டு கழித்துக் கட்டும் 1 லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 89,300. மூன்றாண்டு கழித்து என்றால் 71,200. ஐந்தாண்டு கழித்து என்றால் 56,700 மட்டுமே.

இந்தக் கண்ணோடு இரண்டு கொட்டேஷன்களையும் மறுபடி பார்ப்போம். சொந்த சர்வரில் முதல் 7 லட்சம் இன்றே போவதால் அதில் ஒரு ரூபாயும் குறையாது. ஆண்டுச் செலவுகள் மட்டும் சுருங்கி 7.52 லட்சமாகின்றன. மொத்தம் 14.52 லட்சம். கிளவுட்டில் முதல் நாள் செலவு இல்லை. ஐந்தாண்டுப் பில்லும் சுருங்குகிறது. மொத்தம் 12.98 லட்சம்.

| வழி | வெறும் கூட்டல் | இன்றைய மதிப்பு (12%) |
|---|---|---|
| சொந்த சர்வர் | 17.50 லட்சம் | 14.52 லட்சம் |
| கிளவுட், ஒப்பந்த விலை | 18.12 லட்சம் | 12.98 லட்சம் |
| கிளவுட், ஒப்பந்தம் இல்லாமல் | 22.20 லட்சம் | 16.01 லட்சம் |

தீர்ப்பு புரண்டுவிட்டது. 62,000 ரூபாய் அதிகம் என்று தோன்றிய கிளவுட், உண்மையில் ஒன்றரை லட்சம் மலிவு. எந்தச் செலவையும் மாற்றவில்லை. எப்போது கட்டுகிறோம் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்தோம்.

மூன்றாவது வரிசையையும் கவனியுங்கள். அதே கிளவுட்டை ஒப்பந்தம் இல்லாமல் எடுத்தால் சொந்த சர்வரைவிட ஒன்றரை லட்சம் அதிகமாகிறது. ஆகவே 'கிளவுட் மலிவா?' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த விலையில் எடுக்கும் கிளவுட் என்பதே கேள்வி.

எந்த வட்டி?

இந்தக் கணக்கின் உயிர் அந்த 12 சதவீதத்தில் இருக்கிறது. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது? சின்ன நிறுவனத்துக்கு எளிய விடை, வங்கிக்குக் கட்டும் வட்டி. கடனே இல்லாத நிறுவனம் என்றால், அந்தப் பணத்தைத் தொழிலில் போட்டால் எவ்வளவு வரும் என்று பார்க்க வேண்டும்.

இதையே திருப்பிப் போட்டும் கேட்கலாம். சர்வர் வாங்குவதை ஒரு முதலீடாகப் பாருங்கள். இன்று 7 லட்சம் போடுகிறோம். பதிலுக்கு ஆண்டுதோறும் கிளவுட் பில்லில் ஒரு பகுதி மிச்சமாகிறது. அந்த மிச்சம் 7 லட்சத்துக்கு எத்தனை சதவீத வருமானம்? ஒப்பந்த விலைக் கிளவுட்டோடு ஒப்பிட்டால் 3 சதவீதத்துக்கும் கீழே. வங்கி வைப்பு நிதியே அதைவிட அதிகம் தரும். ஒப்பந்தம் இல்லாத கிளவுட்டோடு ஒப்பிட்டால் சுமார் 20 சதவீதம். நூல் வாங்கி, பனியன் தைத்து, ஏற்றுமதி செய்து வரும் லாபம் அந்த முதலுக்கு 20 சதவீதத்தைத் தாண்டுமானால், அந்த விலையில்கூடக் கிளவுட்டே சரி. தாண்டாது என்றால் சர்வர் வாங்கலாம். எக்செல்லில் `IRR` என்ற சூத்திரம் இந்தச் சதவீதத்தைத் தந்துவிடும். முதலாளிகளுக்குப் பிடிபடும் எண் இதுதான். சர்வரையும் தையல் இயந்திரத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க முடிகிறது.

எக்செல்லில் ஒரு பள்ளம்

கணக்கை எக்செல்லில் போடுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் அங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. `NPV` சூத்திரம், கொடுக்கும் முதல் தொகை ஓராண்டு கழித்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். இன்றே கட்டும் 7 லட்சத்தை அதற்குள் சேர்த்தால், அதையும் ஓராண்டு தள்ளிக் கணக்கிட்டுவிடும். B2 கட்டத்தில் இன்றைய செலவும், B3 முதல் B7 வரை ஐந்து ஆண்டுச் செலவும் இருந்தால் சரியான வடிவம் இது:

```
=B2+NPV(12%,B3:B7)
```

B2-வையும் உள்ளே போட்டு `=NPV(12%,B2:B7)` என்று எழுதினால், நம் சொந்த சர்வர் 14.52 லட்சத்திலிருந்து 12.97 லட்சமாக இறங்கிவிடும். அதே சூத்திரத்தைக் கிளவுட்டுக்கும் போடுகிறோம்; அங்கே இன்றைய செலவு இல்லை என்பதால் முதல் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். காலிக் கட்டத்தை எக்செல் கணக்கில் எடுப்பதே இல்லை என்பதால் கிளவுட் 12.98 லட்சமாகவே நிற்கும். இரண்டும் சமம் என்று திரை சொல்லும்! ஒன்றரை லட்சம் ரூபாய் வித்தியாசம் ஒரு கட்டத்தில் மறைந்துபோகிறது. பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: வட்டியை 0 சதவீதம் என்று போட்டுப் பாருங்கள், வெறும் கூட்டல் தொகை வர வேண்டும். பிறகு வட்டியை மறுபடி 12 சதவீதமாக்கி, முதல் நாள் செலவை மட்டும் 1 லட்சம் கூட்டிப் பாருங்கள். விடையும் சரியாக 1 லட்சம் ஏற வேண்டும். 89,286 மட்டும் ஏறினால் சூத்திரம் தவறு.

வரி கணக்கை மாற்றுமா?

ஆடிட்டர் கட்டாயம் இதைக் கேட்பார். கிளவுட் பில் முழுவதும் அந்தந்த ஆண்டுச் செலவாக வருமானத்திலிருந்து கழிந்துவிடும். சர்வர் அப்படி அல்ல, அது சொத்து. வருமான வரிக் கணக்கில் கணினிகளுக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம், அதுவும் மீதி மதிப்பின் மீது. 7 லட்சத்தில் முதல் ஆண்டு 2,80,000, இரண்டாம் ஆண்டு 1,68,000, மூன்றாம் ஆண்டு 1,00,800 என்று குறைந்துகொண்டே போகும். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அந்த ஆண்டு பாதித் தேய்மானம்தான் கிடைக்கும். மார்ச் மாதக் கடைசியில் அவசரமாக சர்வர் வாங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் நிறுவனம் 25.17 சதவீத வரி கட்டும் கம்பெனி என்று கொள்வோம். வரிக்குப் பிந்தைய செலவைப் பார்க்கும்போது வட்டியையும் வரிக்குப் பிந்தையதாக்க வேண்டும்; கடன் வட்டியும் செலவாகக் கழிவதால் 12 சதவீதம் 9 சதவீதமாகிறது. இப்படிப் போட்டால் சொந்த சர்வர் 11.64 லட்சம், ஒப்பந்தக் கிளவுட் 10.49 லட்சம், ஒப்பந்தம் இல்லாத கிளவுட் 12.92 லட்சம். இடைவெளிகள் சற்றுக் குறைந்தன, வரிசை மாறவில்லை. தேய்மானம் முதல் ஆண்டுகளிலேயே வேகமாகக் கிடைப்பதால், வரி இங்கே தீர்ப்பை மாற்றும் அளவுக்குக் கனமானது அல்ல.

தீர்ப்பை உண்மையில் மாற்றுபவை

முதலாவது, இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பது. இந்த நிறுவனம் நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள் மட்டும் வேலை செய்கிறது என்றால் தேவை 260 மணி நேரம்தான். ஒரு மாதத்தில் 730 மணி நேரம் இருக்கிறது. கிளவுட் இயந்திரத்தை இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தானாக நிறுத்தும்படி அமைத்தால், ஒப்பந்தமே இல்லாமல் இயந்திர வாடகை 20,000-லிருந்து சுமார் 7,100 ஆகிறது. டிஸ்க் வாடகை மட்டும் நிற்காது. இயந்திரம் தூங்கினாலும் தரவு அங்கேதான் இருக்கிறது. ஐந்தாண்டுச் செலவின் இன்றைய மதிப்பு 10.43 லட்சமாக இறங்குகிறது. மூன்று வழிகளையும்விட மலிவு. இரவு ஷிஃப்ட் ஓடும் கம்பெனிக்கு இந்த வழி கிடையாது. சொந்த சர்வரை இரவில் அணைத்தால் கொஞ்சம் மின்சாரம் மிச்சமாகும். 7 லட்சம் திரும்பி வராது.

இரண்டாவது, வெளியே போகும் தரவு. கிளவுட்டுக்குள் தரவை ஏற்றக் காசு இல்லை. வெளியே எடுக்கத்தான் காசு. ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை மையத்தில் ஒரு ஜிபிக்குச் சுமார் 11 சென்ட். ஏறக்குறைய 10 ரூபாய் என்று வையுங்கள். கணக்கு மென்பொருளுக்கு இது பெரிய தொகை அல்ல. ஆனால் வீடியோ எடிட்டிங் ஸ்டூடியோ, பெரிய வரைபடங்களைக் கையாளும் அலுவலகம், ஸ்கேன் படங்களை நாள் முழுக்க இறக்கும் மருத்துவமனை போன்ற இடங்களில் மாதம் 2 டிபி கூடுதலாக வெளியே போனால் பில்லில் 20,000 ஏறும். ஐந்தாண்டில் இன்றைய மதிப்பில் அது மட்டும் 8.65 லட்சம். அந்த நிறுவனம் கண்ணை மூடிக்கொண்டு சொந்த சர்வர் வாங்கலாம். கிளவுட் கொட்டேஷனில் இந்த வரி பெரும்பாலும் 'பயன்பாட்டுக்கேற்ப' என்று மட்டும் இருக்கும். கையெழுத்துப் போடும் முன், அலுவலக ஃபயர்வாலில் ஒரு மாதம் எவ்வளவு தரவு சர்வரிலிருந்து கணினிகளுக்குப் போகிறது என்று அளந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, டாலர். வெளிநாட்டுக் கிளவுட் நிறுவனங்கள் நமக்கு ரூபாயில் பில் போட்டாலும், விலைப்பட்டியல் பெரும்பாலும் டாலரில் இருக்கிறது. 2015-இல் ஒரு டாலர் 64 ரூபாய் அளவில் இருந்தது. 2023 இறுதியில் 83 ரூபாய். ஆண்டுக்கு ஏறக்குறைய 3 சதவீதம். இதே வேகத்தில் பில் ஏறும் என்று போட்டால், நம் ஒப்பந்தக் கிளவுட்டின் இன்றைய மதிப்பு 12.98-லிருந்து 13.59 லட்சமாகிறது. இன்னும் சொந்த சர்வருக்குக் கீழேதான். ஆனால் இடைவெளி 93,000 ஆகச் சுருங்கிவிட்டது. மறுபக்கம் மின்கட்டணமும் ஆள் சம்பளமும் நிற்பதில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஏற்றுமதி நிறுவனத்துக்கு வருமானமே டாலரில் வருவதால் இந்த அபாயம் தானாகவே சமப்படும். உள்ளூரில் ரூபாயில் விற்பவருக்கு அந்த வசதி இல்லை.

கணக்கில் சிக்காத ஒன்று

மூன்றாண்டு ஒப்பந்தம் என்பது கடன் போன்ற பொறுப்பு. ஆர்டர் குறைந்து பாதி ஆட்கள் போய்விட்டாலும் அந்தத் தொகையைக் கட்டியாக வேண்டும். நடுவில் பெரிய இயந்திரம் தேவைப்பட்டாலும் பழைய உறுதி தொடரும். ஒப்பந்தமில்லாக் கிளவுட்டுக்கு நாம் தரும் கூடுதல் மூன்று லட்சம், அந்தப் பொறுப்பு இல்லாமல் இருப்பதற்கான விலை. எதிர்காலம் தெளிவாக இல்லாத புது நிறுவனம் முதல் ஆறு மாதம் அந்த விலையைக் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம். உண்மையில் எவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும் என்பது அதற்குள் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு ஒப்பந்தம் போடலாம். தேவையைவிட இருமடங்கு பெரிய இயந்திரத்துக்கு மூன்றாண்டு கையெழுத்துப் போட்டால், 40 சதவீதக் குறைவு கிடைத்தும் நஷ்டமே.

கிளவுட் எடுத்தவர்கள் மாதாந்திர பில்லை வரி வரியாகப் படிக்க வேண்டும். அழித்த இயந்திரத்தின் டிஸ்க் அழிக்கப்படாமல் நிற்பது, பழைய பேக்கப்புகள் மாதக்கணக்கில் குவிவது போன்றவை பில் சத்தமில்லாமல் ஏறக் காரணங்களாகின்றன. ஆட்கள் எண்ணிக்கை மாறாமல் டிஸ்க் வரி மட்டும் மாதாமாதம் உயர்ந்தால் அங்கே பாருங்கள்.

நம் பனியன் கம்பெனிக்குத் தீர்ப்பு தெளிவு: ஒப்பந்த விலையில் கிளவுட், இரவு ஷிஃப்ட் இல்லையென்றால் இரவில் நிறுத்திவைக்கும் கிளவுட். மாதம் முழுக்க நிற்காமல் ஓடி, தரவை அதிகம் வெளியே அனுப்பும் நிறுவனத்துக்கு சொந்த சர்வர். உங்கள் நிறுவனம் எந்தப் பக்கம் என்பதைக் கொட்டேஷன் சொல்லாது. ஆறு வரிசையில் ஓர் எக்செல் தாளும், உங்கள் வங்கி வாங்கும் வட்டியும் சொல்லிவிடும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை நீங்களே போட்டுப் பாருங்கள்.